எப்போதும் 40 லிட்டர் பின்னால் நிற்கும் கணக்கு

செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் விற்கும் ஒரு புறநகர்க் கடையைக் கற்பனை செய்துகொள்வோம். சுற்றிலும் புது வீடுகள் எழும்புவதால் விற்பனை மாதத்துக்கு ஏறக்குறைய 20 லிட்டர் கூடிக்கொண்டே போகிறது. அடுத்த மாதத்துக்கு எவ்வளவு ஆட்டி வைப்பது என்பதற்குக் கடைக்காரரிடம் ஒரு வழி உண்டு. இந்த மாத மதிப்பீடு எவ்வளவு தவறியதோ, அதில் பாதியைச் சேர்த்து அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்வார். 480 லிட்டர் என்று நினைத்து 530 விற்றால், 50-இல் பாதி 25. அடுத்த மதிப்பீடு 505.

புள்ளியியலில் இதற்கு எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங் என்று பெயர். அந்தப் ‘பாதி’தான் ஆல்பா, இங்கே 0.5. பழைய மாதங்கள் எல்லாம் கணக்குக்குள் இருக்கும், ஆனால் ஒவ்வொரு மாதம் பின்னே போகும்போதும் அவற்றின் செல்வாக்கு பாதி பாதியாகக் குறையும். ஒரே அளவைச் சுற்றி ஏறி இறங்கும் சரக்குக்கு இது நல்ல முறை.

வளரும் சரக்குக்கு இது உதவாது. காரணம் எளிது. விற்பனை மாதம் 20 ஏறினால் மதிப்பீடும் 20 ஏற வேண்டும். மதிப்பீடு ஏறுவதோ தவறின் பாதி அளவுதான். ஆகவே, தவறு 40 ஆக இருந்தால் மட்டுமே அது 20 ஏறும். அதாவது, இந்த முறை நிரந்தரமாக 40 லிட்டர் பின்தங்கியே நடக்கும். ஆல்பாவை 0.2 ஆக்கினால் பின்தங்கல் 100 லிட்டர். 1 ஆக்கினாலும், போன மாத விற்பனையையே அப்படியே எடுத்துவைப்பதாக ஆகி, 20 லிட்டர் குறையும்.

1957-இல், அமெரிக்காவின் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த சார்லஸ் ஹோல்ட் அந்நாட்டுக் கடற்படை ஆய்வு அலுவலகத்துக்காக எழுதிய அறிக்கையில் இதற்கு வழி சொன்னார். ஓர் எண்ணுக்குப் பதில் இரண்டை வைத்துக்கொள்ள வேண்டும்: விற்பனை இப்போது நிற்கும் மட்டம், மாதா மாதம் அது ஏறும் போக்கு. இரண்டையும் தனித்தனியே திருத்திக்கொண்டே போக வேண்டும். அறிக்கை ஆய்விதழில் அச்சேறியது 2004-இல்தான். அதற்குள் முறை உலகமெங்கும் புழக்கத்துக்கு வந்துவிட்டது.

நம் கடைக்கு வருவோம். பழைய கணக்குப் புத்தகத்தைப் பார்த்து மட்டம் 500, போக்கு 20 என்று தொடங்கலாம். முதல் மாத மதிப்பீடு 520. விற்றது 530. தவறு 10, அதில் பாதியைச் சேர்த்தால் புதிய மட்டம் 525. மட்டம் 500-இலிருந்து 25 ஏறியிருக்கிறது. போக்கு 20 என்று நினைத்தோம், 25 வந்தது. இந்த 5 லிட்டரை முழுதாக நம்பிவிடக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்தால் போக்கு 21. இந்தப் பங்குக்குப் பெயர் பீட்டா, இங்கே 0.2.

அடுத்த மாதத்துக்கு 525-உடன் 21, ஆக 546. விற்றது 540. மட்டம் 543, போக்கு 20.4. மூன்றாம் மாதத்துக்கு 563.4. விற்றது 571. மட்டம் 567.2, போக்கு 21.16. நான்காம் மாதத்துக்கு ஏறக்குறைய 588 லிட்டர்.

இதே மூன்று மாதங்களில் பழைய முறை 480, 505, 522.5 என்று சொல்லியிருக்கும். தவறுகள் 50, 35, 48.5. புதிய முறையின் தவறுகள் 10, கழித்தல் 6, 7.6. அளவைவிடக் குறியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தவறு ஒருமுறை கூடுதலாக, ஒருமுறை குறைவாக வந்தால் போக்கு பிடிபட்டிருக்கிறது என்று பொருள். மாதக்கணக்கில் ஒரே பக்கம் விழுந்தால் கணக்கு எதையோ தவறவிடுகிறது.

பீட்டாவைச் சிறியதாக வைப்பதற்கும் காரணம் உண்டு. நான்காம் மாதம் ஒரு கல்யாண ஆர்டர் வந்து, 588-க்குப் பதில் 688 போய்விட்டது என்று கொள்வோம். மட்டம் 50 கூடுதலாக ஏறும். போக்கு 21-இலிருந்து 31-க்குத் தாவும். இனி மாதம் 31 லிட்டர் வளரும் என்று கணக்கு நம்பத் தொடங்கி, எண்ணெய் தேங்கும். பீட்டா 0.5 என்றால் போக்கு 46 ஆகியிருக்கும். இப்படித் தெரிந்த ஒற்றை ஆர்டரைக் கழித்துவிட்டு மீதியைக் கணக்கில் ஏற்றுவதே நல்லது. தூர மாதங்களுக்கும் இதே போக்கைப் பெருக்கிக்கொண்டே போகக் கூடாது. எந்தப் புறநகரும் ஒருநாள் நிரம்பும். அதனால்தான் போக்கை மாதா மாதம் கொஞ்சம் தேய்த்துக்கொண்டே போகும் ஒரு வடிவத்தைக் கார்ட்னரும் மெக்கென்சியும் 1985-இல் தந்தார்கள்.

எந்தச் சூத்திரத்தாலும் திருத்த முடியாத கோளாறு ஒன்று உண்டு. 550 லிட்டர்தான் ஆட்டினோம், 25-ஆம் தேதியே தீர்ந்தது என்றால், விற்பனை 550 என்றுதான் பதிவாகும். கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனவர்கள் பதிவில் இல்லை. கணக்கு அதைப் பார்த்து வளர்ச்சி தளர்ந்துவிட்டது என்று போக்கைக் குறைக்கும். அடுத்த மாதம் இன்னும் முன்னதாகத் தீரும். ஆகவே, சரக்கு தீர்ந்த மாதத்தில் விற்ற அளவை அப்படியே ஏற்றாமல், எந்தத் தேதியில் தீர்ந்தது என்று குறித்துவைத்து, மீதி நாட்களுக்கும் அதே வேகத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 25 நாளில் 550 என்றால் 30 நாளுக்கு 660.