பத்து வயது மாணவிக்கு ஒரு தனிநபர் கல்வித் திட்டம்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அத்தகைய குழந்தைக்குச் சிறப்பாசிரியர், வகுப்பாசிரியர், பெற்றோர் மூவரும் சேர்ந்து எழுதுவதே தனிநபர் கல்வித் திட்டம். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு கற்பனை மாணவிக்கான மாதிரி இது. கண்ணும் காதும் பரிசோதிக்கப்பட்டு, இரண்டிலும் குறையில்லை என்று தெரிந்தபின் எழுதப்படுகிறது.

திட்டம் தற்போதைய நிலையிலிருந்து தொடங்குகிறது. இரண்டாம் வகுப்புப் பாடத்தில் அவள் பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்தால், ஒரு நிமிடத்தில் 18 சொற்களைச் சரியாக வாசிக்கிறாள். பிழைகள் தாறுமாறானவை அல்ல. ‘கொடி’யைக் ‘கெடி’ என்கிறாள். ‘தோடு’ ‘தேடு’ ஆகிறது. எழுத்துக்கு முன்னே நிற்கும் கொம்பைப் பார்க்கிறாள், பின்னே வரும் காலை விட்டுவிடுகிறாள். அதே பத்தியை ஆசிரியர் வாசித்துக் காட்டினால் ஐந்து கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்கிறாள். சிக்கல் எழுத்தை ஒலியாக்குவதில்தான், புரிதலில் இல்லை. இந்த ஒரு பக்கக் குறிப்பைக் கவனமாக எழுதினால் மற்றவை தாமாக அமையும்.

‘வாசிப்பை மேம்படுத்துதல்’ என்று இலக்கு எழுதுவது பலரும் செய்யும் பிழை. எட்டிவிட்டாளா என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் பருவ இலக்கு இப்படி அமையலாம்: ஒகர, ஓகார உயிர்மெய் வரும் புதிய சொற்கள் 20 கொடுத்தால், தொடர்ந்து மூன்று முறை, 18-ஐயாவது சரியாக வாசிப்பாள். ஆண்டு இலக்கு: அதே இரண்டாம் வகுப்பு நிலையில், புதிய பத்தியில் நிமிடத்துக்கு 40 சொற்கள். தமிழில் விகுதிகள் ஒட்டிச் சொல் நீள்வதால் ஆங்கிலத்துக்கான வேக அளவு இங்கே பொருந்தாது. அவளுடைய பழைய நிலையோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஆதரவு இரண்டு வகை. வாரம் நான்கு நாள், 30 நிமிடம், சிறப்பாசிரியர் எழுத்து–ஒலித் தொடர்பைப் படிப்படியாகக் கற்பிக்கிறார். வகுப்பறையில் கேள்வித்தாள் வாசித்துக் காட்டப்படும், அறிவியலில் வாய்மொழியாகப் பதில் சொல்லலாம், தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, முன்னறிவிப்பின்றி எழுந்து வாசிக்கச் சொல்வதில்லை. இரண்டாவது வகைச் சலுகைகள் மற்ற பாடங்களில் அவள் பின்தங்காமல் காக்கும். ஆனால் வாசிக்கக் கற்றுத்தராது. நேரமில்லை என்று முதலாவதைக் கைவிட்டு, சலுகைகளை மட்டும் வைத்துக்கொள்வது குழந்தைக்குச் செய்யும் அநீதி.

திட்டம் ஜூலை 4-இல் தொடங்குகிறது. மறு ஆய்வு நாட்கள் செப்டம்பர் 26, டிசம்பர் 19, மார்ச் 20. அந்நாட்களில் முறையே 25, 32, 40 சொற்களை அவள் எட்டியிருக்க வேண்டும். ஆய்வு நாள்வரை காத்திருக்கவும் கூடாது. வாரம் ஒருமுறை ஒரு நிமிட வாசிப்பை எண்ணிக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பத்தி புதிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மனப்பாடம்தான் வளரும். நான்கு வாரம் தொடர்ந்து எதிர்பார்த்த அளவுக்குக் கீழே இருந்தால், இலக்கைக் குறைக்காமல் கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும்: குழுவைச் சிறிதாக்கலாம், நேரத்தைக் கூட்டலாம், ஒரு வாரத்தில் அறிமுகமாகும் எழுத்துகளைக் குறைக்கலாம். எதை மாற்றினார்கள் என்பதைத் தேதியோடு திட்டத்திலேயே எழுதி, மூவரும் கையெழுத்திட வேண்டும்.