சாம்பல் நிறத்துக்குத் தனி லேபிள்

திருப்பூரில் டி-ஷர்ட் தைத்து, சொந்தப் பெயரில் அமெரிக்காவில் விற்கத் தொடங்கும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே டிசைன், மூன்று நிறங்கள்: வெள்ளை, கருநீலம், சாம்பல். நிறம் மட்டும்தானே வேறு என்று மூன்றுக்கும் சேர்த்து ஒரே வாஷ்கேர் லேபிளை அச்சடிக்கக் கொடுக்கிறார்கள். அதில் ‘100% காட்டன்’ என்று இருக்கிறது. வெள்ளைக்கும் கருநீலத்துக்கும் அது சரி. சாம்பலுக்குப் பெரும்பாலும் தவறு.

காரணம் நூலில் இருக்கிறது. வெள்ளையும் கருநீலமும் பருத்தி நூலில் துணியாக ஓட்டப்பட்டு, பிறகு சாயப்பட்டறைக்குப் போகின்றன. நாம் கிரே மெலாஞ்ச் என்று சொல்லும் சாம்பல் துணியின் நிறம் சாயப்பட்டறையில் வருவதில்லை. நூற்பாலையிலேயே கறுப்புச் சாயமேற்றிய இழையைப் பஞ்சோடு கலந்து நூற்கிறார்கள். துணியில் தெரியும் அந்த உப்பும் மிளகும் கலந்த தோற்றம் அப்படித்தான் வருகிறது. கலக்கப்படும் கறுப்பு இழை பல சமயம் பருத்தி அல்ல. விஸ்கோஸ் அல்லது பாலியஸ்டர். எவ்வளவு கலந்திருக்கிறது என்பது மில்லுக்கு மில், ஷேடுக்கு ஷேடு மாறும்.

நூலை நேராக மில்லில் வாங்குபவருக்கு இந்த விகிதம் பில்லிலேயே கிடைத்துவிடும். சிறு நிறுவனங்களோ ஓட்டிய துணியை வியாபாரியிடம் வாங்குகின்றன. அவர் ‘காட்டன் மெலாஞ்ச்’ என்று வாய்ச்சொல்லாகச் சொல்வதோடு சரி. உடனே பலரும் செய்வது, ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பார்ப்பது. பாலியஸ்டர் இருந்தால் அது உருகிக் கெட்டியான மணியாகத் திரளும்; கண்டுபிடித்துவிடலாம். ஆனால் விஸ்கோஸும் பருத்தியைப் போலவே செல்லுலோஸ்தான். காகிதம் போல எரிந்து, காகிதச் சாம்பல் போலவே உதிரும். தீக்குச்சிச் சோதனையில் 15% விஸ்கோஸ் கலந்த துணியும் முழுப் பருத்தி என்றே தேறிவிடும். இதைப் பிரித்துச் சொல்ல ஆய்வகம்தான் வேண்டும். அங்கே 59.5% அடர்த்தியுள்ள கந்தக அமிலத்தில் துணியைப் போடுவார்கள். விஸ்கோஸ் கரைந்துபோகும், பருத்தி மிஞ்சும். மிஞ்சியதை எடை போட்டால் விகிதம் தெரிந்துவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், அமெரிக்காவில் இதைக் கேட்பது சட்டம். துணி இழைகளை அடையாளப்படுத்தும் சட்டம் அங்கே 1958-இல் வந்தது. அதை நடத்துவது எஃப்.டி.சி. எனப்படும் கூட்டாட்சி வர்த்தக ஆணையம். அதன்படி ஆடையில் மூன்று விவரங்கள் இருந்தாக வேண்டும்: என்ன இழை எத்தனை சதவீதம், எந்த நாட்டில் செய்தது, யார் பொறுப்பு. துவைக்கும் முறை நான்காவது. அதற்கு 1971-இல் தனி விதி போட்டார்கள்.

இழைகளை எடையின்படி, அதிகமாக உள்ளதை முதலில் வைத்து, ஒரே அளவு எழுத்தில் எழுத வேண்டும். ‘காட்டன்’ என்பதைப் பெரிதாக்கி மற்றதைச் சிறிதாக்குவது கூடாது. எழுதியதற்கும் உள்ளதற்கும் 3 சதவீதப் புள்ளி வரை வேறுபாடு இருக்கலாம்; நூற்பில் தவிர்க்க முடியாத ஏற்ற இறக்கத்துக்கான சலுகை அது. லேபிளில் 90% காட்டன் என்று இருந்து ஆய்வகத்தில் 88 வந்தால் பழுதில்லை. ஆனால் ‘100%’ என்று எழுதிவிட்டால் இந்தச் சலுகை கிடையாது. வேறு இழை இருப்பது தெரிந்தே சலுகைக்குள் ஒளிந்துகொள்ளவும் முடியாது.

இப்போது அந்தச் சாம்பல் துணியில் லைக்ராவும் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மில் பில்லில் நூல் 90% பருத்தி, 10% விஸ்கோஸ். துணி ஓட்டியவர் 4% லைக்ரா என்கிறார். அவசரத்தில் லேபிளுக்கு 90, 6, 4 என்று எழுதிவிடுகிறார்கள். கணக்கு அப்படி இல்லை. நூறு கிலோ துணியில் 4 கிலோ லைக்ரா போனால், மெலாஞ்ச் நூல் மீதி 96 கிலோ. அதில் 90 பங்கு பருத்தி, அதாவது 86.4 கிலோ, 10 பங்கு விஸ்கோஸ், 9.6 கிலோ. முழு எண்ணாக்கினால் 86% காட்டன், 10% விஸ்கோஸ், 4% ஸ்பான்டெக்ஸ். லைக்ரா என்பது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். அதை மட்டும் போட்டால் போதாது. அந்த இழையின் பொதுப்பெயர் ஸ்பான்டெக்ஸ் அல்லது எலாஸ்டேன். 5 சதவீதத்துக்குக் கீழே உள்ள இழையைப் பொதுவாகப் பெயர் சொல்லாமல் ‘பிற இழை’ என்றே எழுத வேண்டும். நீட்சி கொடுக்கும் ஸ்பான்டெக்ஸ் போல, சிறிதளவே இருந்தாலும் ஆடையில் வேலை செய்யும் இழைக்கு விலக்கு உண்டு. கம்பளி எவ்வளவு குறைவாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

தைக்கும் நூல் பாலியஸ்டர் ஆயிற்றே, கழுத்து ரிப்பில் லைக்ரா இருக்கிறதே, அப்படியானால் வெள்ளைச் சட்டையையும் 100% காட்டன் என்று எழுதக் கூடாதா என்ற கேள்வி நியாயமானது. எழுதலாம். தையல் நூல், காலர், கைப்பட்டி, இடுப்புப் பட்டி, லேபிள் ஆகியவற்றை விதி கணக்கில் சேர்ப்பதில்லை. உடம்புத் துணிதான் கணக்கு.

பெயரில் நடக்கும் தவறுகளில் பெரியது ‘பாம்பூ’. மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழையாக்கினால் கிடைப்பது ரேயான். மூங்கிலின் குணம் எதுவும் அதில் தங்குவதில்லை. ஆகவே ‘மூங்கிலிலிருந்து செய்த ரேயான்’ என்று எழுதலாம். வெறும் ‘பாம்பூ’ என்று எழுதக் கூடாது. இந்தப் பெயர்க் குழப்பத்துக்காக 2022-இல் வால்மார்ட் 30 லட்சம் டாலரும் கோல்ஸ் 25 லட்சம் டாலரும் அபராதமாகக் கட்ட நேர்ந்தது. மென்மையான துணி என்று குழந்தை உடுப்புகளை இந்தப் பெயரில் விற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

‘மேட் இன் இந்தியா’ என்பது டி-ஷர்ட்டில் கழுத்தின் நடுவில், இரண்டு தோள் தையல்களுக்கும் மத்தியில் உள்பக்கம் இருக்க வேண்டும். மற்ற விவரங்கள் பக்கத் தையலில் வைக்கும் லேபிளில் இருந்தால் போதும். பொறுப்பாளர் பெயரில்தான் சிறு நிறுவனங்கள் இடறுகின்றன. பிராண்ட் பெயரை அழகாக நெய்து கழுத்தில் வைத்துவிட்டால் ஆயிற்று என்று நினைக்கிறார்கள். கேட்கப்படுவது பிராண்ட் அல்ல, தொழில் நடத்தும் பெயர். பில்லில் போடும் முழுப்பெயர். அதற்குப் பதில் ஆர்.என். என்ற பதிவு எண்ணைப் போடலாம். ஆனால் அதை அமெரிக்காவில் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே கொடுப்பார்கள். அங்கே இறக்குமதி செய்பவர் இருந்தால் அவர் எண்ணைப் போடலாம். இல்லையென்றால் திருப்பூர் நிறுவனத்தின் பெயரே போதும்.

உள்ளூரில் விற்கும் அட்டையை அப்படியே அங்கே அனுப்ப முடியாது. நம் சட்ட அளவையியல் விதிகள் அதிகபட்ச விலை, அளவு, தயாரிப்பாளர் முகவரி, புகார் தொடர்பு போன்றவற்றில்தான் குறியாக இருக்கின்றன. அமெரிக்க விதி ஆடைக்கு உள்ளே இருக்கும் இழையைக் கேட்கிறது.

இனி துவைக்கும் முறை. இதில்தான் நகலெடுப்பது அதிகம். வேறொரு பிராண்டின் சட்டையைப் பார்த்து அதே வரிகளை அச்சடித்துவிடுகிறார்கள். விதியோ, ஒவ்வொரு வரிக்கும் நியாயமான ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்கிறது. துவைப்பது, வெளுப்பது, காயவைப்பது, இஸ்திரி போடுவது, எச்சரிக்கை என்ற ஐந்தும் யோசித்து எழுத வேண்டியவை. வெப்பநிலை எதையும் எழுதாமல் ‘மெஷின் வாஷ்’ என்று மட்டும் போட்டால், வெந்நீரும் தாங்கும் என்று பொருள். அங்கே வெந்நீர் என்றால் 63 டிகிரி செல்சியஸ் வரை. ‘கோல்ட்’ என்று எழுதினால் 30 டிகிரிக்கு மேல் போகாது.

நம் சட்டையை இந்த வரிசையில் சோதித்துப் பார்க்கலாம். தைத்த சட்டையிலேயே, துணி மட்டும் அல்ல, நெடுக்கிலும் குறுக்கிலும் 50 செ.மீ. இடைவெளியில் அழியாத மையால் குறியிட வேண்டும். சிறிய சைஸில் குறுக்கே அவ்வளவு இடம் இல்லையென்றால் 25 செ.மீ. போதும். லேபிளில் எழுதப்போகும் வெப்பநிலையில் மெஷினில் துவைக்க வேண்டும். அடுத்ததுதான் முக்கியம்: கொடியில் காயப்போடக் கூடாது. அமெரிக்க வீடுகளில் டிரையரில் சூடாக உருட்டித்தான் காயவைப்பார்கள். கொடியில் சுருங்காத சிங்கிள் ஜெர்சி டிரையரில் சுருங்கும். மூன்று தடவை இப்படிச் செய்து அளந்தால் 50 செ.மீ. 47-ஆக வந்திருக்கிறது என்று வைப்போம், 6% சுருக்கம். எல் சைஸ் வாங்கியவருக்கு அது எம் சைஸாகிவிடும். துணியைக் காம்பாக்டிங்கில் சரிசெய்ய வேண்டும். முடியாவிட்டால் ‘குறைந்த சூட்டில் டிரையர்’ என்று எழுதி, அந்தச் சூட்டில் மறுபடி சோதிக்க வேண்டும்.

முழுச் சட்டையைச் சோதிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளை உடம்புக்குச் சிவப்பு ரிப் போட்டிருந்தால், இரண்டும் தனித்தனியே துவைத்தபோது ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். சேர்த்துத் தைத்து, ஈரத்தோடு மெஷினில் ஒரு மணி நேரம் கிடந்தால் கழுத்தைச் சுற்றி ரோஸ் நிறம் இறங்கும். விதியும் இதைக் கேட்கிறது: பாகங்கள் தனியே தாங்கும் என்ற சான்று போதாது, சேர்ந்தும் தாங்க வேண்டும். மார்பில் பிளாஸ்டிசால் பிரிண்ட் இருந்தால் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டதும் அது இளகி ஒட்டிக்கொள்ளும். ‘பிரிண்ட் மேல் இஸ்திரி போட வேண்டாம்’ என்ற எச்சரிக்கை அதற்காக. குளோரின் பட்டால் நிறம் போகும், மற்ற வெளுப்பான்கள் பரவாயில்லை என்றால் ‘தேவைப்பட்டால் குளோரின் இல்லாத வெளுப்பான் மட்டும்’ என்று எழுத வேண்டும். பயத்தில் எல்லாவற்றுக்கும் ‘கூடாது’ போடுவதும் சரியல்ல. தாங்கும் சட்டையை டிரை கிளீனிங்குக்கு அனுப்பச் சொல்வது வாங்குபவரின் பணத்தை வீணாக்குகிறது.

துவைக்கும் லேபிளின் எழுத்து சட்டை உழைக்கும் காலம் வரை படிக்கும்படி இருக்க வேண்டும். ஆகவே சோதனைத் துவைப்பில் லேபிளையும் வைத்துத் தைத்தே போட வேண்டும். மலிவான சாட்டின் லேபிளில் மை மங்குவது அப்போதே தெரிந்துவிடும்.

மில் பில், ஆய்வக அறிக்கை, சுருக்க அளவுகள், ஒவ்வொரு நிறத்தின் லேபிள் மாதிரி ஆகியவற்றை ஒரே கோப்பில் வைக்கலாம். இழை பற்றிய ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்கச் சட்டமே சொல்கிறது. மெலாஞ்ச் துணி புது லாட் வரும்போதெல்லாம் பில்லைக் கேட்டு வாங்க வேண்டும்; மில் மாறினால் விகிதமும் மாறியிருக்கலாம். கடைசியாகத் தையல் மேசை. மூன்று நிற பண்டல்களும் ஒரே லைனில் ஓடும்போது, வெள்ளையின் லேபிள் கட்டு சாம்பலுக்குப் போய்விடுவது சாதாரணம். லேபிளின் மூலையில் டிசைன் எண்ணோடு நிறத்தின் குறியையும் அச்சடித்துவிட்டால், செக்கிங்கில் இருப்பவர் இழை விகிதத்தைப் படிக்கத் தேவையில்லை. சாம்பல் சட்டையில் சாம்பலின் குறி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.