இறால் பண்ணைக் கணக்கும் அதன் எடுகோள்களும்

உடப்பு, முந்தல் பகுதிகளில் இறால் பண்ணை தொடங்குவோரிடம் வண்ணப் படங்களோடு ஓர் இலாபக் கணக்கு காட்டப்படுவதுண்டு. அதனை ஒரு தாளில் சாதாரண வாக்கியங்களாக எழுதிப் பார்ப்போம். எண்கள் உதாரணத்திற்கு மட்டுமே.

ஒரு ஹெக்டேர் குளத்தில் 1 இலட்சம் குஞ்சுகள் விடப்படும். அவற்றுள் 70 வீதம் பிழைக்கும். நான்கு மாதத்தில் ஒவ்வொன்றும் 30 கிராம் நிறுக்கும். கிலோ 1,500 ரூபாவுக்கு விலைபோகும். ஆகவே 2,100 கிலோ, 31.5 இலட்சம் ரூபா வரவு. செலவு 24 இலட்சம். இலாபம் 7.5 இலட்சம்.

இனி ஒவ்வோர் எடுகோளையும் பொய்க்க வைப்போம். 50 வீதமே பிழைத்தால் 1,500 கிலோதான் கிடைக்கும். இட்ட தீனி திரும்பி வராது, 1.5 இலட்சம் நட்டம். ஏறத்தாழ 53 வீதத்தில் முதல் மட்டுமே தேறும். விலை 1,150 ரூபாவுக்கு இறங்கினும் ஏறக்குறைய அதே நிலைதான்.

ஆனால் எடுகோள்கள் தனித்தனியே விழுவதில்லை. 1996இல் இக்கரையைத் தாக்கிய வெண்புள்ளி நோயை நினைவுகூருங்கள். ஒரு பண்ணை ஒல்லாந்தர் கால்வாயில் விடும் நீரையே மற்றொன்று இறைத்துக்கொள்கிறது. அறுபதாம் நாள் நோய் வந்தால், 12 கிராம் இறாலை அவசரமாகப் பிடிக்க நேரும். அயலாரும் அவ்வாறே பிடிப்பர். பிழைப்பு, நிறை, விலை மூன்றும் ஒன்றாய்ச் சரியும். பாதி பிழைத்து, பாதி விலைக்குப் போனால் வரவு 4.5 இலட்சம்.

ஆண்டுக்கு இரு போகம் என்பதும் ஓர் எடுகோளே. குளத்தை உலர்த்தி, பயிர்க்கால அட்டவணையில் தம் முறைக்குக் காத்திருக்க வேண்டும். வங்கித் தவணையோ காத்திராது.