எழுத்தின் ஓரத்தில் பச்சை எங்கிருந்து வந்தது?

ஓஎல்இடி மானிட்டர் வாங்கியவருக்கு முதல் நாள் சினிமா பார்ப்பதில் போய்விடும். மறுநாள் எக்செல் திறந்ததும்தான் சந்தேகம் வரும். கறுப்பு எழுத்தின் ஓரமெல்லாம் மெல்லிய பச்சையும் இளஞ்சிவப்புமாகக் கசிந்திருக்கும். பேனல் கோளாறு என்று கடைக்குத் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. புதிதாக வேறொன்று வந்தாலும் அதிலும் அப்படித்தான் இருக்கும்.

திரையின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சிறு விளக்குகளால் ஆனது. வழக்கமான எல்சிடி திரையில் இவை இடமிருந்து வலமாக, ஒரே உயரத்தில், பட்டை பட்டையாக நிற்கும். சாம்சங் டிஸ்ப்ளேயின் பெரும்பாலான க்யூடி-ஓஎல்இடி பேனல்களில், 2022-இல் வந்த 34 அங்குல ஏலியன்வேர் மானிட்டர் தொடங்கி, இவை முக்கோணமாக அமைந்திருக்கின்றன: பச்சை மேலே, சிவப்பும் நீலமும் கீழே.

வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக ஒரு ‘ட’ எழுதுவோம். அதன் அடிக்கோடு படுத்துக்கொண்டிருக்கிறது. கோட்டுக்கு மேலே உள்ள வெள்ளைப் பிக்சல் வரிசை முடியும் இடத்தில் இருப்பவை சிவப்பும் நீலமும். இரண்டும் சேர்ந்து இளஞ்சிவப்பாகத் தெரியும். கோட்டுக்குக் கீழே அடுத்த வெள்ளை வரிசை பச்சையில் தொடங்கும். ஆக கோட்டின் மேல் ஓரம் இளஞ்சிவப்பு, கீழ் ஓரம் பச்சை. கறுப்பில் வெள்ளை எழுத்தென்றால் இது தலைகீழாகும். ப, ம, ட போன்ற எழுத்துகளில் நீண்ட அடிக்கோடு இருப்பதால் தமிழ் வாசிப்பவர் கண்ணில் இது சீக்கிரமே படும்.

இது பேனலின் பங்கு. மென்பொருளின் பங்கு வேறு. விண்டோஸின் கிளியர்டைப், மூன்று விளக்குகளும் பட்டையாக நிற்கின்றன என்று நம்பி, எழுத்தின் ஓரத்தில் அவற்றைத் தனித்தனியே ஏற்றி இறக்கும். எல்சிடியில் இதனால் எழுத்து கூர்மையாகும். எல்ஜி டிஸ்ப்ளேயின் பழைய மானிட்டர் பேனல்களிலோ வரிசை சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை. கிளியர்டைப் பச்சையைத் தேடும் இடத்தில் வேறு விளக்கு நிற்கிறது. அதனால் நெட்டுக் கோடுகளின் இருபுறமும் நிறம் ஒட்டும். க்யூடி-ஓஎல்இடியில் பக்கவாட்டு வரிசை ஏறக்குறைய சரிதான். உயர வித்தியாசத்தைத்தான் கிளியர்டைப் அறியாது.

குற்றவாளி எது என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. எழுத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பல மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தோரப் பிக்சல்களில் சிவப்பும் நீலமும் தெரிந்தால் அது மென்பொருள் போட்ட நிறம். சாம்பல் மட்டுமே இருந்தும் திரையில் நிறம் தெரிந்தால் அது பேனலின் வேலை. எந்த அமைப்பும் அதை முழுக்கத் துடைக்காது.

மென்பொருள் நிறத்தை நீக்க, cttune என்று தட்டி கிளியர்டைப்பை அணைத்துப் பார்க்கலாம். எழுத்து முள்முள்ளாகிவிட்டால் மென்மையாக்கல் மொத்தமும் போய்விட்டது என்று பொருள். வேண்டியது அதுவல்ல, சாம்பல் மென்மையாக்கல். அதைக் கட்டளை வரியில் நேரடியாகக் கேட்கலாம்:

```
reg add "HKCU\Control Panel\Desktop" /v FontSmoothing /t REG_SZ /d 2 /f
reg add "HKCU\Control Panel\Desktop" /v FontSmoothingType /t REG_DWORD /d 1 /f
```

வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் மாற்றம் தெரியும். பிடிக்கவில்லையா, இரண்டாம் வரியின் 1-ஐ 2 ஆக்கினால் பழைய நிலை. லினக்ஸில் க்னோம் பயன்படுத்துவோருக்கு:

```
gsettings set org.gnome.desktop.interface font-antialiasing 'grayscale'
```

மேக்கில் இந்த வேலையே இல்லை. 2018-இன் மொஹாவே பதிப்பிலேயே ஆப்பிள் சாம்பல் வழிக்கு மாறிவிட்டது.

சாம்பலுக்கும் விலை உண்டு. நிறம் குறையும், எழுத்து சற்றுக் குழையும். சிறிய எழுத்தில் இது நன்றாகவே தெரியும் என்பதால் திரை அளவீட்டை 125 சதவீதமாக்குவது உதவும். விளக்குகளின் உண்மையான இடத்தையே சொல்லிக்கொடுக்க விரும்புவோருக்கு மேக்டைப் என்ற இலவசக் கருவி இருக்கிறது. முக்கோண அமைப்பையும் அதற்குப் புரியவைக்கலாம். ஆனால் அது மற்ற நிரல்களுக்குள் நுழைந்து வேலை செய்வது. எல்லா நிரலிலும் பலிக்காது, சில விளையாட்டுகளின் மோசடித் தடுப்பு அதைச் சந்தேகிக்கவும் கூடும். அலுவலகக் கணினியில் நான் இதைப் போடமாட்டேன்.

இத்தனைக்கும் மேல் பலன் தருவது பிக்சல் நெருக்கம். அந்த 34 அங்குலத் திரையில் அங்குலத்துக்குச் சுமார் 110 பிக்சல். ஒரு பிக்சல் கண்ணுக்குத் தனியே பிரிந்து தெரியாமல் போக ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் தள்ளி உட்கார வேண்டும். 27 அங்குல 4கே திரையில் அது 55 சென்டிமீட்டருக்குள் வந்துவிடும். நாளெல்லாம் எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவர் ஓஎல்இடிதான் வேண்டுமென்றால் 27 அங்குல 4கே வாங்கட்டும். அதற்குப் பணம் இடிக்கிறதென்றால் நல்ல எல்சிடியே போதும்.