தொகுதிக்கடன்: துணைப்பிணையாக வழங்கலும் கழிவில் வழங்கலும்

ஒரு கம்பனி பொதுமக்களிடமிருந்தோ நிறுவனங்களிடமிருந்தோ நீண்டகாலத்துக்குக் கடன் பெறும்போது, அக்கடனை ஒப்புக்கொண்டு வழங்கும் பத்திரமே தொகுதிக்கடன் பத்திரமாகும். அதில் முகப்பெறுமதி, வட்டி வீதம், மீட்கும் திகதி ஆகியன குறிக்கப்பட்டிருக்கும். பங்குதாரர் கம்பனியின் உரிமையாளர். தொகுதிக்கடனாளரோ கம்பனிக்குக் கடன் கொடுத்தவர். ஆகவே இலாபம் கிடைத்தாலும் நட்டம் ஏற்பட்டாலும் அவருக்கு வட்டி கொடுக்கப்பட வேண்டும்.

இவ்வலகில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் சந்தர்ப்பங்கள் இரண்டு. ஒன்றில் பத்திரம் வழங்கப்படுகிறது, ஆனால் அதற்காகக் காசு வருவதில்லை. மற்றதில் காசு வருகிறது, ஆனால் முகப்பெறுமதியிலும் குறைவாக வருகிறது. இரண்டையும் ஒழுங்காகப் பார்ப்போம்.

1. துணைப்பிணையாக வழங்கல்

வங்கியொன்று கம்பனிக்குக் கடன் கொடுக்கும்போது காணி, கட்டடம் போன்றவற்றை முதன்மைப் பிணையாகப் பெறும். அது போதாதெனக் கருதினால் மேலதிகமாக இன்னொரு பிணையையும் கேட்கும். கம்பனி தனது தொகுதிக்கடன் பத்திரங்களையே அவ்வாறு கொடுத்து வைத்தால், அவை துணைப்பிணையாக வழங்கப்பட்டவை எனப்படும்.

பின்வருமாறு ஓர் உதாரணத்தை அமைத்துக்கொள்வோம். நயினாதீவில் மீனவர்களுக்குப் பனிக்கட்டி விற்கும் வரையறுத்த கம்பனி ஒன்று உள்ளதெனக் கொள்க. குறிகட்டுவானிலிருந்து படகில் பனிக்கட்டி கொண்டுவருவதைத் தவிர்க்க, தீவிலேயே ஆலை அமைப்பதற்கு அது வங்கியில் ரூ. 800,000 கடன் பெறுகிறது. வட்டி ஆண்டுக்கு 12%. இக்கடனுக்குத் துணைப்பிணையாக ரூ. 100 முகப்பெறுமதியுள்ள 10% தொகுதிக்கடன்கள் 10,000 ஐ வங்கிக்கு வழங்குகிறது. அவற்றின் மொத்த முகப்பெறுமதி ரூ. 1,000,000.

பிணையின் பெறுமதி கடனிலும் கூடுதலாக இருப்பதைக் கவனியுங்கள். கம்பனி தவணை தவறினால் நிலுவை வட்டியும் சேர்ந்துவிடும். பத்திரங்களை விற்கும்போது முழுவிலை கிடைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. ஆதலால் வங்கி ஓர் இடைவெளி வைத்தே பிணை பெறும்.

இப்போது வினா: கம்பனியின் பொறுப்பு எவ்வளவு? ரூ. 800,000 மட்டுமே. கம்பனிக்கு வந்த காசு அவ்வளவுதான். பத்திரங்கள் வங்கியின் பெட்டகத்தில் பிணையாகக் கிடக்கின்றன. இரண்டையும் கூட்டி ரூ. 1,800,000 எனக் காட்டினால், ஒரே கடன் ஏறத்தாழ இருமுறை எண்ணப்பட்டுவிடும். அந்த ஐந்தொகையைப் பார்ப்பவர் கம்பனி கடனில் மூழ்கிவிட்டதென்றே நினைப்பார்.

வட்டியும் அவ்வாறே. ஆண்டு வட்டி ரூ. 800,000 இன் 12% ஆகிய ரூ. 96,000. துணைப்பிணையாக உள்ள தொகுதிக்கடன்களில் "10%" என எழுதப்பட்டிருந்தாலும் அவற்றுக்கு வட்டி கணிக்கக்கூடாது. காசு பெறப்படாமையால் அவற்றில் கழிவு என்ற பேச்சுக்கும் இடமில்லை.

பதிவு செய்யும் முறைகள் இரண்டு.

முதலாம் முறை: நாட்குறிப்பில் எப்பதிவும் இல்லை. ஐந்தொகையில் வங்கிக் கடன் ரூ. 800,000 எனக் காட்டி, அதன் கீழ் "ரூ. 1,000,000 முகப்பெறுமதியுள்ள 10% தொகுதிக்கடன்கள் துணைப்பிணையாக வழங்கப்பட்டுள்ளன" என்று குறிப்பு எழுதினால் போதும்.

இரண்டாம் முறை: வழங்கியதை ஏடுகளிலும் காட்டுதல்.

தொகுதிக்கடன் தொங்கல் கணக்கு – வரவு 1,000,000
10% தொகுதிக்கடன் கணக்கு – செலவு 1,000,000

ஐந்தொகையில் தொகுதிக்கடன் ரூ. 1,000,000 எனக் காட்டி, அதிலிருந்து தொங்கல் கணக்கின் ரூ. 1,000,000 ஐக் கழிக்க வேண்டும். தேறிய மீதி பூச்சியம். ஆகவே எந்த முறையைப் பின்பற்றினாலும் மொத்தப் பொறுப்பு மாறாது. உங்கள் விடை சரியா என்று அறிய இதுவே இலகுவான சோதனை.

கடன் முழுவதும் திருப்பிச் செலுத்தப்பட்டதும் வங்கி பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கும். இரண்டாம் முறையைப் பின்பற்றியிருந்தால் மேற்படி பதிவை நேர்மாறாக எழுதி நீக்க வேண்டும். கம்பனி கடனைக் கட்டத் தவறினால் நிலைமை வேறு. அப்போது வங்கி தொகுதிக்கடனாளருக்குரிய உரிமைகளைப் பயன்படுத்தலாம். ஆனால் ரூ. 300,000 ஏற்கெனவே செலுத்தப்பட்டு ரூ. 500,000 மட்டும் நிலுவையாயின், வங்கி அறவிடக்கூடியது அந்த ரூ. 500,000 உம் அதற்குரிய வட்டியுமே. கையில் பத்து இலட்சத்துக்குப் பத்திரம் இருப்பதால் பத்து இலட்சம் கோர முடியாது.

2. கழிவில் வழங்கல்

ரூ. 100 முகப்பெறுமதியுள்ள பத்திரத்தை ரூ. 98 க்கு வழங்கினால் ரூ. 2 கழிவாகும். பத்திரத்திலுள்ள வட்டி வீதம் சந்தை வட்டியிலும் சற்றுக் குறைவாயின், முழுவிலை கொடுத்து எவரும் வாங்கமாட்டார். விலையைக் குறைத்தே வழங்க வேண்டிவரும். ஆகவே கழிவு என்பது ஒருவகையில் முன்கூட்டியே கொடுக்கப்பட்ட வட்டி போன்றது. இதை மனதில் வைத்தால் அடுத்து வருவது எளிதில் விளங்கும்.

இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பங்குகளுக்கு முகப்பெறுமதி இல்லை. தொகுதிக்கடனுக்கு முகப்பெறுமதி உண்டு. எனவே இக்கணக்கை இன்றும் தொகுதிக்கடனிலேயே சந்திப்பீர்கள்.

இந்தக் கழிவை எந்த ஆண்டின் செலவினமாகக் கொள்வது? இக்கேள்வி தமிழ்நாட்டில் ஒரு வழக்காகவே நடந்தது. மெட்ராஸ் தொழில் முதலீட்டுக் கழகம், பின்னர் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் எனப் பெயர் பெற்ற நிறுவனம், 1966 திசெம்பரில் ரூ. 1.5 கோடி முகப்பெறுமதியுள்ள தொகுதிக்கடன்களை 2% கழிவில் வழங்கியது. அவை 12 ஆண்டுகளின் பின் மீட்கப்பட வேண்டியவை. பதிவு பின்வருமாறு அமையும்.

வங்கிக் கணக்கு – வரவு 14,700,000
தொகுதிக்கடன் கழிவுக் கணக்கு – வரவு 300,000
தொகுதிக்கடன் கணக்கு – செலவு 15,000,000

பொறுப்பு முகப்பெறுமதியிலேயே செலவு வைக்கப்பட்டுள்ளதை அவதானியுங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டியது 14,700,000 அல்ல, 15,000,000 ஆகும்.

ஓராண்டுக்குரிய கழிவு 300,000 ÷ 12 = ரூ. 25,000. நிறுவனம் 1967 யூன் 30 இல் முடிந்த ஆறு மாதத்துக்கு ரூ. 12,500 ஐத் தன் ஏடுகளில் பதிவழித்தது. மீதி ரூ. 287,500 ஐந்தொகைக்குச் சென்றது. ஆனால் வருமான வரி என்று வந்தபோது, முழு ரூ. 300,000 உம் அந்த ஓராண்டின் செலவினமே என்று கோரியது. இவ்வாறு செய்தால் அவ்வாண்டின் வரிக்குரிய இலாபம் குறையும்.

இந்திய உச்ச நீதிமன்றம் 1997இல் இதற்குத் தீர்ப்பளித்தது. கழிவு ஒரு செலவினமே என்பதை அது ஏற்றுக்கொண்டது. எனினும் கடன் பெற்ற பணம் 12 ஆண்டுகள் நிறுவனத்துக்குப் பயன்படுகிறது. ஆகவே செலவினத்தையும் 12 ஆண்டுகளுக்குப் பகிர வேண்டும், முழுவதையும் ஒரே ஆண்டில் கழித்தால் அவ்வாண்டின் இலாபம் திரிபடையும் என்பதே தீர்ப்பின் சாரம். நீங்கள் படித்த பொருத்தப்பாட்டு எண்ணக்கருவே இது.

இங்கு ஒரு நுணுக்கம் உண்டு. முதலாண்டில் அரையாண்டுக்கே பதிவழித்தமையால், 12 ஆண்டுக் கழிவு 13 கணக்காண்டுகளில் பரவும்: முதலாண்டு 12,500, இடையில் 11 ஆண்டுகளுக்கு 275,000, இறுதியாண்டு 12,500. கூட்டினால் 300,000. வழங்கிய திகதி ஆண்டின் நடுவில் இருந்தால் மாதங்களை எண்ணத் தவறவேண்டாம்.

3. தவணைமுறையில் மீட்கும்போது

கழிவில் வழங்கி, முகப்பெறுமதியிலும் கூடிய தொகைக்கு மீட்பதாக வாக்களித்தால் கம்பனிக்கு இரு பக்கமும் இழப்பு. இரண்டும் சேர்ந்ததே தொகுதிக்கடன் வழங்கல் நட்டம். எமது பனிக்கட்டிக் கம்பனி ரூ. 1,000,000 தொகுதிக்கடனை 4% கழிவில் காசுக்கு வழங்கி, 2% மிகைவிலையில் மீட்கும் எனக் கொள்க. நட்டம் 40,000 + 20,000 = ரூ. 60,000.

வங்கிக் கணக்கு – வரவு 960,000
தொகுதிக்கடன் வழங்கல் நட்டக் கணக்கு – வரவு 60,000
தொகுதிக்கடன் கணக்கு – செலவு 1,000,000
மீட்பு மிகைவிலைக் கணக்கு – செலவு 20,000

நான்காம் ஆண்டின் முடிவில் முழுவதும் மீட்கப்படுமாயின் ஆண்டுக்கு ரூ. 15,000 வீதம் பதிவழிக்கலாம். ஆனால் ஆண்டு முடிவுதோறும் ரூ. 250,000 முகப்பெறுமதி வீதம் மீட்டால் சமமாகப் பகிர்வது நியாயமாகாது. முதலாண்டு முழுப் பத்து இலட்சமும் பயன்பட்டது. நான்காம் ஆண்டில் இரண்டரை இலட்சமே பயன்பட்டது. எனவே ஒவ்வோர் ஆண்டும் பயன்படுத்திய தொகையின் விகிதத்தில் பகிர வேண்டும்.

பயன்படுத்திய தொகைகள்: 1,000,000, 750,000, 500,000, 250,000
விகிதம்: 4 : 3 : 2 : 1
பதிவழிக்கும் தொகைகள்: 24,000, 18,000, 12,000, 6,000 (மொத்தம் 60,000)

முதலாண்டின் பதிவு:

இலாப நட்டக் கணக்கு – வரவு 24,000
தொகுதிக்கடன் வழங்கல் நட்டக் கணக்கு – செலவு 24,000

மீதி ரூ. 36,000 ஐந்தொகையின் சொத்துப் பக்கத்தில் வரும். இது விற்றுக் காசாக்கக்கூடிய சொத்தன்று. இன்னும் பதிவழிக்கப்படாத நட்டம் மட்டுமே. அதனால் இது கற்பனைச் சொத்து எனப்படும்.

குறிப்பு: இன்று இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 9 ஐப் பின்பற்றும் கம்பனிகள் கழிவைத் தனிச் சொத்தாகக் காட்டுவதில்லை. தொகுதிக்கடனைத் தேறிய தொகையில் காட்டி, வினைத்திறன் வட்டி முறையில் கழிவைப் பகிரும். மொத்தத் தொகை மாறாது, ஆண்டுக்குரிய பங்கே மாறும். வினாவில் சமமாகவோ பயன்பட்ட தொகையின் விகிதத்திலோ பதிவழிக்குமாறு கேட்டால் மேற்காட்டிய முறையில் செய்க.

பயிற்சி

கம்பனியொன்று ஒக்ரோபர் 1 இல் ரூ. 500,000 தொகுதிக்கடனை 6% கழிவில் வழங்கியது. 5 ஆண்டுகளின் பின் முகப்பெறுமதியில் ஒரே முறையில் மீட்கப்படும். அதே நாளில் வங்கிக் கடன் ரூ. 200,000 க்குத் துணைப்பிணையாக ரூ. 300,000 தொகுதிக்கடனும் வழங்கப்பட்டது. திசெம்பர் 31 இல் முடியும் ஆண்டில் பதிவழிக்கும் தொகை யாது? இரு கடன்களுக்குமான மொத்தப் பொறுப்பு யாது?

விடை: கழிவு ரூ. 30,000. ஆண்டுக்கு ரூ. 6,000. மூன்று மாதத்துக்கு ரூ. 1,500. பதிவழிக்கப்படாத மீதி ரூ. 28,500. மொத்தப் பொறுப்பு 500,000 + 200,000 = ரூ. 700,000. உங்கள் விடை 1,000,000 ஆயின் துணைப்பிணையையும் கூட்டிவிட்டீர்கள். முதலாம் பகுதியை மீண்டும் படிக்குக.