மூச்சுக்குழாய்க்குள் ஒரு கேமரா

“குழாயை உள்ளே விட்டால் நான் எப்படி மூச்சு விடுவது?” பிராங்கோஸ்கோப்பிக்கு எழுதிக் கொடுத்ததும் பலரும் கேட்பது இதைத்தான். நியாயமான பயம். ஆனால் வளைந்து கொடுக்கும் அந்தக் குழாய் ஏறக்குறைய 5, 6 மில்லிமீட்டர் தடிமன்தான். பெரியவர்களின் மூச்சுக்குழல் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு அகலம். சுற்றிலும் காற்று போய்வர இடம் இருக்கிறது. மூக்கில் ஆக்சிஜனும் கொடுத்து, விரலில் கிளிப் மாட்டி அளவைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இரண்டு மாதமாக இருமும் 55 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்ரேயில் வலது மேல் நுரையீரலில் நிழல் தெரிகிறது. காசநோயா, வேறு ஏதாவதா என்று பார்க்கச் சளி வேண்டும். அவருக்கோ சளியே வருவதில்லை. அதனால்தான் உள்ளே போய் எடுக்க வேண்டியிருக்கிறது.

முன்னதாக 6 மணி நேரம் சாப்பிடக் கூடாது. வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. இதயத்துக்காக குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை சாப்பிடுபவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சதை எடுத்தால் ரத்தம் நிற்காமல் போகலாம். தாங்களாக நிறுத்தவும் கூடாது.

தொண்டையில் லிக்னோகெயின் மருந்தை அடிப்பார்கள். கசக்கும், பிறகு தொண்டை தடித்து, எச்சிலே விழுங்க முடியாததுபோல் இருக்கும். விழுங்க முடியும், மரத்துப்போன உணர்வுதான் அது. நரம்பில் போடும் மிடாசோலம் ஊசி அரைத்தூக்கத்தில் ஆழ்த்தும். பலருக்கு நடந்தது பிறகு நினைவிலேயே இருக்காது. குழாய் குரல் நாண்களைத் தாண்டும் சில நொடிகள்தான் சிரமம், இருமல் பொத்துக்கொண்டு வரும். அப்போது பேச முடியாது. கையைத் தூக்கினால் நிறுத்துவார்களா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நிழல் உள்ள கிளைக்குப் போனதும், சலைன் நீரைச் சிறிது சிறிதாக மொத்தம் 100 மில்லிக்கு மேல் விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். பாதியளவு திரும்பி வரும். மீதியை நுரையீரலே உறிஞ்சிக்கொள்ளும். அன்றிரவு லேசாகக் காய்ச்சல் அடிப்பது இதனால்தான். சந்தேகமான இடத்தில் சின்னக் கொறடால் அரிசி மணியைவிடச் சிறிய சதைத்துணுக்குகளையும் கிள்ளுவார்கள். அந்த இடத்தில் வலி தெரியாது.

முடிந்து இரண்டு மணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது. மரப்பு இருக்கும்போது குடித்தால் புரையேறும். பிறகு ஒரு மிடறு குடித்துப் பார்த்து, இருமல் வராவிட்டால் சாப்பிடலாம். அன்று வண்டி ஓட்டக் கூடாது. கூட ஆள் வேண்டும். சளியில் ரத்தக்கீற்று ஓரிரு நாள் வரும். ஸ்பூன் கணக்கில் ரத்தம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மறுநாளும் விடாத காய்ச்சல் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஆழத்தில் சதை எடுக்கும்போது சிலருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்துவிடும். திடீர் நெஞ்சுவலி அதன் அறிகுறி.

எடுத்த நீரை ஜீன்எக்ஸ்பர்ட் கருவியில் வைத்தால், காசநோய்க் கிருமி இருக்கிறதா என்பது இரண்டு மணி நேரத்தில் தெரியும். கல்ச்சர் முடிவுக்கு ஆறு வாரம்கூட ஆகலாம். முதல் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தாலும் கல்ச்சரில் கிருமி வளரலாம். ஆகவே அந்த ரிப்போர்ட்டையும் மறக்காமல் வாங்கி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.