பிரவுசருக்கு வந்து சேர்வது பக்கமா, நிரலா?

2010 செப்டம்பரில் ட்விட்டர் தன் இணையதளத்தைப் புதுப்பித்தது. வெளியே தெரிந்த மாற்றங்களைவிடப் பெரிய மாற்றம் உள்ளே நடந்திருந்தது. அதுவரை யார் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும், அதை ட்விட்டரின் சர்வர் முழுதாகத் தயாரித்து அனுப்பிவந்தது. புதிய தளத்தில் அந்த வேலை வாசகரின் கணினிக்கே மாற்றப்பட்டது. சர்வர் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரலை அனுப்பும். அந்த நிரல் பிரவுசருக்குள் ஓடி, ட்வீட்டுகளைத் தனியே கேட்டு வாங்கி, பக்கத்தைக் கட்டும்.

இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 2012 மே மாதம் நிறுவனம் அந்த வேலையை மறுபடி சர்வருக்கே கொண்டுவந்தது. முதல்முறை பக்கம் திறக்கும் நேரம் முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று அதன் பொறியாளர்கள் அப்போது எழுதினார்கள்.

அந்த இரண்டு ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள, பிரவுசரின் கைக்கு வந்து சேர்வது எது என்று பார்க்க வேண்டும். பிரவுசர் ஒரு முகவரியைக் கேட்டதும் சர்வரிடமிருந்து முதலில் வருவது எச்.டி.எம்.எல். என்ற எழுத்துக் கோப்பு. சர்வரே பக்கத்தைத் தயாரிக்கும் முறையில், ஒரு செய்திப் பக்கத்தின் கோப்பு சுருக்கமாக இப்படி இருக்கும்:

```html
<h1>சென்னையில் இன்று மழைக்கு வாய்ப்பு</h1>
<p>மாலையில் இடியுடன் மழை பெய்யலாம்.</p>
```

தலைப்பும் செய்தியும் கோப்பிலேயே இருக்கின்றன. எழுத்துகள் வந்துசேரச் சேர, கோப்பு முடியும்வரை காத்திராமல் பிரவுசர் அவற்றைத் திரையில் காட்டத் தொடங்கிவிடும். அதே செய்தியைப் பிரவுசரே கட்டிக்கொள்ளும் முறையில் வரும் கோப்பு இது:

```html
<div id="root"></div>
<script src="/app.js"></script>
```

இதில் செய்தி எங்கே? எங்கும் இல்லை. இருப்பது ஒரு காலிப் பெட்டியும், ‘இந்த நிரலைப் போய் எடுத்து ஓட்டு’ என்ற கட்டளையும்தான். பிரவுசர் மறுபடி சர்வருக்குப் போய் `app.js` கோப்பைக் கொண்டுவர வேண்டும். அதைப் படித்துப் புரிந்துகொண்டு ஓட்ட வேண்டும். ஓடத் தொடங்கிய நிரல் செய்திக்காக இன்னொரு தடவை சர்வரைக் கேட்கும். மூன்றாவது பயணத்தில் தலைப்பும் செய்தியும் ஜேசன் என்ற வெறும் தரவு வடிவில் வரும். அதை வைத்து நிரல் அந்தக் காலிப் பெட்டியை நிரப்பிய பிறகுதான் வாசகரின் கண்ணுக்கு ஏதாவது தெரியும்.

ஒரு சுமாரான கைப்பேசி இணைப்பை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சர்வருக்குப் போய்த் திரும்ப 0.2 விநாடி, வேகம் விநாடிக்கு 3 மெகாபிட் என்று கொள்வோம். இணைப்பை ஏற்படுத்தவும் பாதுகாப்பை உறுதிசெய்யவும் கோரிக்கையை அனுப்பவும் மூன்று தடவை போய்வர 0.6 விநாடி ஆகிவிடும். இது இரண்டு முறைக்கும் பொது. சர்வரே தயாரிக்கும் முறையில், தரவுத்தளத்தில் தேடிப் பக்கத்தை உருவாக்க 0.2 விநாடி, 30 கிலோபைட் கோப்பு இறங்க 0.1 விநாடிக்கும் குறைவு. ஆக மொத்தம் ஒரு விநாடிக்குள் செய்தி கண்முன் இருக்கும்.

மற்ற முறையில், 0.6 விநாடியில் காலிப் பெட்டி வந்துசேரும். 300 கிலோபைட் நிரலைக் கேட்டு இறக்க இன்னும் 1 விநாடி. விலை குறைந்த கைப்பேசியில் அதைப் படித்து ஓட்ட 0.7 விநாடி என்று வைத்துக்கொள்வோம். பிறகு செய்தியைக் கேட்டுப் பெற 0.4 விநாடி. மொத்தம் 2.7 விநாடி. தரவுத்தளத்தில் தேடும் நேரம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் முதல் முறையில் கேட்கும் சர்வர் தரவுத்தளத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டாவது முறையில் கேட்பது எங்கோ இருக்கும் ஒரு கைப்பேசி.

ட்விட்டர் பொறியாளர்கள் அளந்ததும் இதைத்தான். பயனர் இணைப்பைத் தட்டிய கணத்திலிருந்து முதல் ட்வீட் கண்ணில் படும்வரை ஆகும் நேரத்தையே அவர்கள் முக்கிய அளவாக வைத்துக்கொண்டார்கள். சர்வர் எத்தனை விரைவாகப் பதில் சொல்கிறது என்பதை மட்டும் பார்த்திருந்தால் காலிப் பெட்டி அனுப்பும் முறைக்கே நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும். காலிப் பெட்டியைத் தயாரிக்க நேரமே ஆகாது. வாசகரின் கண்ணிலிருந்து அளந்தபோதுதான், நிரலைப் படித்து ஓட்டும் கட்டம் பழைய பிரவுசர்களிலும் வலுவில்லாத கணினிகளிலும் எவ்வளவு இழுக்கிறது என்பது தெரிந்தது. தங்கள் சர்வரின் வேகம் அவர்கள் கையில் இருக்கிறது; பயனரின் கணினியின் வேகம் அப்படியல்ல.

ட்விட்டர் கதையில் இன்னொரு முடிச்சும் உண்டு. அப்போது அதன் முகவரிகள் `twitter.com/#!/NASA` என்ற வடிவில் மாறியிருந்தன. முகவரியில் `#` குறிக்குப் பின்னால் வரும் எதையும் பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. இணையத்தின் விதி அப்படி. ஆகவே நாசாவின் பக்கத்தைக் கேட்டாலும் வேறு யாருடைய பக்கத்தைக் கேட்டாலும் சர்வருக்குத் தெரிவது ஒன்றே: யாரோ முகப்புப் பக்கத்தைக் கேட்கிறார். யாருடைய ட்வீட்டுகள் வேண்டும் என்பது நிரல் இறங்கி, ஓடி, முகவரியின் மீதிப் பாதியைப் படித்த பிறகே தெரியவரும். முன்கூட்டித் தயாரித்து அனுப்பச் சர்வர் விரும்பினாலும் வழியில்லை.

இதன் பின்விளைவு நீளமானது. இந்த வடிவில் பரவிவிட்ட பழைய இணைப்புகளைச் சர்வர் தனியாகப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட முடியாது. இணைப்பின் முக்கியப் பகுதி அதன் காதுக்கே எட்டுவதில்லையே. அந்த வடிவைக் கைவிட்ட பிறகும், பழைய இணைப்புகள் வேலை செய்ய வேண்டுமானால், முகப்புப் பக்கத்தில் ஒரு சிறு நிரலை நிரந்தரமாக வைத்திருந்தே தீர வேண்டும்.

அமெரிக்காவின் காக்கர் ஊடகக் குழுமம் 2011 பிப்ரவரியில் தன் தளங்களை இதே `#!` வடிவுக்கு மாற்றியது. ஜாவாஸ்கிரிப்ட் சரியாக ஏறாமல் போனபோது பக்கங்கள் வெறுமையாக நின்றன. கட்டுரைகள் சர்வரில் பத்திரமாகத்தான் இருந்தன. அவற்றைத் திரைக்குக் கொண்டுவர வேறு வழி விட்டுவைக்கப்படவில்லை. படிப்பதற்கென்றே இருக்கும் ஒரு தளம் இந்த ஆபத்தை வாங்கிக்கொள்ள நியாயமான காரணம் ஏதும் இருந்ததாகத் தோன்றவில்லை.

வாசகர் மட்டுமல்ல, இயந்திரங்களும் பக்கத்தைப் படிக்கின்றன. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி இணைப்பை ஒட்டினால் தலைப்பும் படமும் சிறு அட்டையாக வருகிறதல்லவா? அந்த அட்டைக்கான விவரங்கள் சர்வர் அனுப்பும் முதல் கோப்பிலிருந்து எடுக்கப்படுகின்றன. அதற்காக யாரும் நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை. முதல் கோப்பில் விவரம் இல்லையென்றால் அட்டை இல்லாமல் வெறும் முகவரி மட்டும் போகும், அல்லது எல்லாக் கட்டுரைகளுக்கும் தளத்தின் பொதுப் பெயரே வரும். கூகுள் தேடல் இப்போது நிரலை ஓட்டியும் பக்கத்தைப் படிக்கிறது. ஆனால் அது தனிக் கட்டமாக, தன் முறை வரும்வரை வரிசையில் காத்திருந்து நடக்கும் வேலை.

அப்படியானால் பிரவுசரில் கட்டும் முறை ஏன் இன்னும் இருக்கிறது? கூகுள் மேப்ஸை நினைத்தால் போதும். வரைபடத்தை விரலால் நகர்த்தும் ஒவ்வொரு தடவையும் சர்வரிடம் முழுப் பக்கத்தைப் புதிதாகக் கேட்டால் அதைப் பயன்படுத்தவே முடியாது. ஜிமெயிலும் அப்படியே: காலையில் திறந்து மாலைவரை வைத்திருப்பவருக்குத் தொடக்கத்தில் இரண்டு விநாடி காத்திருப்பது பொருட்டல்ல. அதன்பின் ஒவ்வொரு தட்டலுக்கும் தேவையான தரவு மட்டும் வந்தால் போதும். ஒருமுறை திறந்து, படித்துவிட்டு மூடப்படும் பக்கத்தின் கணக்கு வேறு. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் சர்வரிலேயே தயாராகி வருகின்றன. கணக்குத் திறந்து உள்நுழையாத எல்லோருக்கும் ஒரே பக்கம்தான் என்பதால், தயாரித்ததைச் சேமித்துவைத்து அடுத்தவருக்கும் அதையே கொடுத்துவிடலாம். ஆளுக்கு ஆள் மாறும் பக்கங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. கூட்டம் கூடும்போது சர்வர் ஒவ்வொருவருக்காகவும் தனித்தனியே உழைக்க வேண்டும், செலவும் ஏறும்.

இன்றைய தளங்கள் பலவும் இரண்டையும் கலக்கின்றன. 2013இல் வெளியான ரியாக்ட், அதன்மேல் 2016இல் வந்த நெக்ஸ்ட் போன்ற கருவிகள், ஒரே நிரலைச் சர்வரிலும் பிரவுசரிலும் ஓட்ட வழிசெய்தன. முதலில் சர்வர் முழுப் பக்கத்தையும் எழுத்தாக அனுப்பும். வாசகர் படிக்கத் தொடங்குவார். பின்னணியில் நிரல் இறங்கி, ஏற்கெனவே திரையில் இருக்கும் பொத்தான்களுக்கும் பெட்டிகளுக்கும் உயிர் கொடுக்கும். இதற்கு ஹைட்ரேஷன் என்று பெயர்.

இதற்கும் விலை உண்டு. நிரல் தன் கணக்கைச் சரிபார்க்க அதே செய்தி தரவு வடிவிலும் தேவைப்படுவதால், பல தளங்களில் ஒரே விஷயம் ஒரே கோப்பில் இரண்டு தடவை வருகிறது. இன்னொன்று, பொத்தான் கண்ணுக்குத் தெரியும்; தட்டினால் ஒன்றும் நடக்காது. நிரல் இன்னும் வந்துசேரவில்லை என்று பொருள். வேகமான கணினியில் சோதிக்கும் நிரலாளருக்கு இந்த இடைவெளி தெரிவதே இல்லை. மெதுவான கைப்பேசிக்காரர்தான் மறுபடி மறுபடி தட்டிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது சிக்கல் நேரம் காட்டும் பக்கங்களில் அடிக்கடி வரும். சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். ஆகவே ஒரு நிகழ்ச்சி பிற்பகல் 2.30க்கு என்று சர்வர் எழுதி அனுப்பும். இந்தியாவில் இருக்கும் கைப்பேசியில் அதே நிரல் ஓடும்போது விடை இரவு 8.00 என்று வரும். ரியாக்ட் இரண்டும் பொருந்தவில்லை என்று நிரலாளரின் திரையில் எச்சரிக்கை தரும். நிரலாளர் கவனிக்காமல் விட்டால், வாசகரின் கண்முன்னே நேரம் மாறலாம், அல்லது தவறான நேரமே நின்றுவிடலாம். எந்த நேர மண்டலம் என்பதை இரண்டு பக்கமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது ஒரு தீர்வு. நேரத்தை மட்டும் பிரவுசரில் எழுதவைப்பது இன்னொன்று.

ஒரு தளம் எந்த வகை என்று கண்டறிய நிரலாளராக இருக்க வேண்டியதில்லை. கணினியில் குரோம் அல்லது பயர்பாக்ஸில் பக்கத்தைத் திறந்து Ctrl+U அழுத்தினால், சர்வர் அனுப்பிய கோப்பு அப்படியே தெரியும். திரையில் படித்த ஒரு வரியை அதில் தேடிப் பார்க்கலாம். பத்தி பத்தியாகச் செய்தி கிடைத்தால் சர்வர் தயாரித்த பக்கம். காலிப் பெட்டியும் சில நிரல் முகவரிகளும் மட்டும் இருந்தால் பிரவுசர் கட்டிய பக்கம். பக்கத்தில் வலது பொத்தானை அழுத்தி Inspect என்று போனால் இது தெரியாது. அங்கே காட்டப்படுவது நிரல் ஓடிமுடித்த பிறகு உள்ள நிலை என்பதால், அதில் எல்லாத் தளங்களும் நிறைந்தே காணப்படும்.